சாம்பார் பொடி பாக்கெட்டில் லீக்: டிமெயிக் முறையோடு எங்கள் அனுபவம்

பெங்களூரு பீன்யாவில், மசாலாப் பொடி பேக் செய்யும் ஒரு யூனிட்டில் தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறேன். 100 கிராம் சாம்பார் பொடி பாக்கெட்டில் சீல் லீக் ஆவது எங்களுக்குப் பழைய தலைவலி. அதற்காக டிமெயிக் முறையைக் கையில் எடுத்தோம். வரையறுப்பது, அளப்பது, அலசுவது, மேம்படுத்துவது, கட்டுக்குள் வைப்பது என்று ஐந்து கட்டங்கள். மழை, வெயில், பனி எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்: எங்களுக்கு அதிகம் கொடுத்தது அளப்பதும் கட்டுக்குள் வைப்பதும்தான்.

வரையறுப்பது சீக்கிரம் முடிந்தது. ஒரு மிஷின், ஒரு பொருள், ஒரு குறை. கோணல் பிரிண்ட், எடைக் குறைவு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டோம்.

அளக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அதுவரை பாக்கெட்டைக் கையால் அழுத்திப் பார்த்துத்தான் லீக்கா இல்லையா என்று முடிவு செய்வார்கள். நல்லதும் கெட்டதும் கலந்து 50 பாக்கெட்டுகளை அடையாளம் தெரியாமல் கொடுத்து, சோதிப்பவர்களை இரண்டு சுற்று பார்க்கச் சொன்னோம். முதல் சுற்றில் நல்லது என்ற பாக்கெட்டை அதே ஆள் இரண்டாவது சுற்றில் லீக் என்றார். அப்படியானால் பழைய ரிஜிஸ்டரில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தெரிந்த ஏற்றத்தாழ்வில் எவ்வளவு மிஷினுடையது, எவ்வளவு கையுடையது? பிரிக்க வழியே இல்லை. அந்த ரிஜிஸ்டரை மூடிவிட்டு, தண்ணீர்த் தொட்டி வாங்கினோம். பாக்கெட்டை முக்கி, மூடியை மூடி வேக்யூம் இழுத்தால், லீக் உள்ள இடத்திலிருந்து குமிழி விடாமல் கோடாக வரும். வெளியே ஒட்டியிருந்த காற்று என்றால் நாலு குமிழியோடு நின்றுவிடும். இந்த வித்தியாசத்தைப் போட்டோவோடு எழுதி ஒட்டிய பிறகு தீர்ப்புகள் ஒத்துப்போயின. 200 பாக்கெட்டுக்குச் சராசரியாக 4 லீக் என்ற நம்பகமான எண்ணும் கிடைத்தது.

குமிழி எங்கிருந்து வருகிறது என்றும் குறித்தோம். முதுகுச் சீல் சுத்தம். பெரும்பாலும் பாக்கெட்டின் வாயிலும் அடியிலும் வரும் குறுக்குச் சீல்தான். லீக் என்றாலே, அந்தச் சீலை அழுத்தி ஒட்டும் சூடான தாடையான ஜாவின் சூட்டைக் கூட்டுவதுதான் எல்லா ஷிஃப்டிலும் பழக்கம். ஆனால் சீலைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். சூடு போதாத சீல் சுத்தமாக உரிந்து வரும். சூடு அதிகமானது ஓரத்தில் நொறுங்கிக் கிழியும். எங்களுடையதில் சீலுக்கு நடுவே பழுப்பாக ஒரு பொடிக் கோடு இருந்தது. அதற்குச் சூடு மருந்தே இல்லை.

"சார், பொடி கீழ இறங்கி அடங்குறதுக்குள்ள ஜா மூடிடுது," என்றார் கிருஷ்ணகிரிக்கார ஆபரேட்டர். அவர் சொன்னது சரி. இந்த வகை மிஷினில் ஒரே ஜா கீழே உள்ள பாக்கெட்டின் வாயையும் மேலே வரப்போகும் பாக்கெட்டின் அடியையும் சேர்த்து ஒட்டுகிறது. குழாய்க்குள் மிதக்கும் தூசி நேராக அங்கேதான் மாட்டும்.

ஜா மூடுவதை 0.1 விநாடி தள்ளிப்போட்டோம். லீக் குறைந்தது. ஆனால் நிமிடத்துக்கு 60 ஓடிய மிஷின் 54-க்கு இறங்கியது. முதலாளி ஒப்புவாரா? அதனால் தாமதம், தூசி உறிஞ்சி இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் ஓட்டிப் பார்த்தோம். உறிஞ்சியோடு பாதித் தாமதமே போதும் என்று தெரிந்தது. அப்புறம் பொடியை அளந்து தள்ளும் திருகான ஆகர் நின்ற பிறகும் சொட்டும் பொடியைத் தடுக்க அடியில் ஒரு கட்-ஆஃப் தட்டு வைத்தோம். 200-க்கு 4 என்பது 1 ஆனது.

கட்டுக்குள் வைப்பதற்கு மிஷின் பக்கத்திலேயே ஷிஃப்டுக்கு எத்தனை லீக் என்று குறிக்கும் ஒரு சார்ட். மணிக்கு 25 பாக்கெட், ஷிஃப்டுக்கு 200. மிஷின் வழக்கம்போல ஓடினால் எண் அரிதாகவே தாண்டும் அளவுதான் அதில் மேல் எல்லை. சராசரி 4 ஆக இருந்தபோது அது 10-க்குச் சற்றுக் கீழே. சராசரி 1 ஆனதும் அது 4-க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. பழைய நாளில் யாரும் கவனிக்காத 4, இப்போது நிறுத்திப் பார்க்க வேண்டிய எண். ஒன்றுமே கெடாமல் இருந்தாலும் சுமார் 50 ஷிஃப்டுக்கு ஒருமுறை 4 வரும். அதனால் எல்லை தாண்டியதும் எந்த செட்டிங்கையும் தொடக் கூடாது, முதலில் லீக்கான சீலைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தோம்.

அந்த விதி பிப்ரவரியில் கைகொடுத்தது. சார்ட் தொடர்ந்து எல்லையைத் தாண்டியது. பிரித்தால் அதே பொடிக் கோடு. ஆனால் உறிஞ்சி, தட்டு, தாமதம் எல்லாம் சரியாகவே இருந்தன. ஃபிலிமின் உள்பக்கம் பொடி ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழவில்லை. பெங்களூரில் காற்று நன்றாகக் காய்ந்துபோகும் மாதங்கள் அவை. ஃபிலிமில் ஸ்டாட்டிக் ஏறிப் பொடியை இழுத்துக்கொள்கிறது. எங்கள் அளவெல்லாம் மழைக்காலத்தில் எடுத்தது, அப்போது இந்தக் காரணம் தலைகாட்டவே வழியில்லை. இந்த முறையின் பெரிய எல்லை இதுதான் என்று நினைக்கிறேன்: டேட்டா எடுத்த நாட்களில் நடக்காததை எந்த அலசலும் காட்டாது.

ஃபிலிம் ரோலுக்கு அருகே ஸ்டாட்டிக் நீக்கும் பார் பொருத்தியதும் எண் மறுபடி 1-க்கு வந்தது. அதன் ஊசிமுனைகளில் தூசி படிந்தால் வேலை செய்யாது. எனவே ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் அதைப் பிரஷ்ஷால் துடைப்பது இப்போது செக்லிஸ்டில் முதல் வரி.