ஆர்கானிக் காய்கறிக் கூடை: குன்னூர், கோத்தகிரி, ஊட்டிக்காரர்கள் பணம் கட்டுமுன் படியுங்கள்

நீலகிரியில் இப்போது ஒரு வாராந்திரக் காய்கறிக் கூடைக்கு ஆள் பிடிக்கிறார்கள். போனில் பேசும் பெண் ரொம்ப மரியாதையாக, "அக்கா, ரெண்டே நிமிஷம்" என்றுதான் தொடங்குவார். எனக்கும் என் சித்திக்கும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு பெண்கள் பேசினார்கள். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை ஒரே பேச்சு. யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார்கள். வேலைக்கு வந்த பிள்ளைகள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்தவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

காய் எங்கிருந்து வருகிறது, விலை என்ன, எப்படிச் சேர்வது என்று அந்தப் பேச்சில் மூன்று பகுதி உண்டு.

முதல் பகுதியில் சொன்னது: "கோத்தகிரிக்கு மேலே 6,000 அடி உயரத்தில் எங்கள் சொந்தத் தோட்டம். அத்தனையும் அங்கே விளைவது. ஆர்கானிக் சர்டிபிகேட் இருக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புறோம்." அனுப்பவும் செய்தார்கள். நிஜமான சான்றிதழ்தான். எண், முத்திரை, செல்லுபடியாகும் தேதி எல்லாம் சரியாக இருந்தது. கூடை வந்த பிறகு அதைப் பெரிதாக்கி, வரி வரியாகப் படித்தேன். ஆர்கானிக் சான்றிதழ் ஒரு கடைக்கோ ஆளுக்கோ மொத்தமாகக் கொடுப்பதில்லை. எந்த நிலம், எத்தனை ஏக்கர் அல்லது ஹெக்டேர், அதில் என்னென்ன பயிர் என்று இணைப்பில் பட்டியல் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத பயிரை அந்தச் சான்றிதழைக் காட்டி விற்க முடியாது. எனக்கு வந்ததன் இரண்டாம் பக்கத்தில் பயிர் என்ற இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: பசுந்தேயிலை. ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தின் சான்றிதழைக் காட்டி முட்டைக்கோஸ் விற்கிறார்கள்!

"பயிர் பட்டியலில் காய்கறியே இல்லையே" என்று கேட்டேன். "அது பழைய காப்பி அக்கா, புதுசு அனுப்புறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை.

அதே இணைப்பில் நிலம் முழு ஆர்கானிக் ஆகிவிட்டதா, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா என்றும் போட்டிருக்கும். காய்கறி போன்ற குறுகிய காலப் பயிருக்கே மாறும் காலம் பொதுவாக இரண்டு ஆண்டு. போன வருஷம் வரை யூரியா போட்ட நிலத்தில் இந்த வருஷம் விளைந்ததை ஆர்கானிக் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, சான்றிதழ் இல்லாதவர்கள் எல்லாம் திருடர்களும் இல்லை. தானே விளைவித்து நம்மிடம் நேராக விற்கும் சிறு விவசாயிக்கு, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால், உணவுப் பாதுகாப்பு விதிகளே விலக்குக் கொடுக்கின்றன. அப்படிப்பட்டவர் "வந்து தோட்டத்தைப் பாருங்கள்" என்பார். இவர்களிடம் தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டதற்கு, "பயோ செக்யூரிட்டி காரணமா வெளியாட்களை விடுறதில்லை" என்று பதில் வந்தது. அதுவும் எழுதிக் கொடுத்த வரியாகத்தான் இருக்க வேண்டும்.

காய்களைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கூடையில் (கூடை போட்டோவில் மட்டும்தான், வந்தது ஆப்பிள் அட்டைப்பெட்டி) வெண்டைக்காயும் முருங்கைக்காயும் இருந்தன. 6,000 அடிக் குளிரில் இவை ரெண்டும் எங்கே காய்க்கின்றன? கீழ்நாட்டுக் காய், மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏறி வந்திருக்கிறது. கேரட்டை எங்களுக்குப் பக்கத்து ஹட்டியில் பீன்ஸ் போடும் அண்ணனிடம் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்தார். "டீச்சர், இது மெஷின் கேரட்டு. மேல்தோலே போயிடுச்சு பாருங்க." கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் மெஷின்களைப் பார்த்திருப்பீர்கள். பல தோட்டத்துச் சரக்கு வரிசையாக அதில் விழுந்து, பளபளவென்று மூட்டைக்குப் போகும். கழுவியதாலேயே ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் "காலையில் மண்ணோடு பிடுங்கி உங்கள் வாசலுக்கு" என்று சொல்லி விற்கும் கேரட்டில் காம்படியில்கூட ஒரு பொட்டு மண் இல்லை. தோல் உரசிப்போன இடமெல்லாம் சீக்கிரமே கறுக்க ஆரம்பித்துவிட்டது.

இனி விலை. வாரம் 650 ரூபாய், "பத்து வகை, குறைந்தது 6 கிலோ, மார்க்கெட் ஏறினாலும் விலை ஏறாது." கிலோ 108 ரூபாய் வருகிறது. நிஜ ஆர்கானிக் என்றால் அது அநியாய விலை இல்லை. பெட்டியைத் தராசில் வைத்தேன். 6.1 கிலோ, வகையும் பத்து. எண்ணிக்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதில் 4.1 கிலோ நாலே காய்: முட்டைக்கோஸ், கிழங்கு, மேரக்காய், இலையோடு சேர்த்து எடை போட்ட முள்ளங்கி. பீன்ஸ் 150 கிராம். ஒரு பொரியலுக்குக் காணாது. சூட்சுமம் இங்கேதான். மொத்த எடைக்கு விலை வைத்தால், மண்டியில் அந்த வாரம் எது மலிவோ எது கனமோ அதைப் போட்டு நிரப்பலாம். விலை ஏறாது என்பது நமக்குச் சலுகை மாதிரிக் கேட்கும். முட்டைக்கோஸ் விலை விழும் வாரத்தில் அது அவர்களுக்குத்தான் லாபம். ஒழுங்காகக் கூடை அனுப்புகிறவர்கள் முந்தின நாளே இன்ன காய் இத்தனை கிராம் என்று பட்டியல் அனுப்புவார்கள். அப்படிப் பட்டியல் கேட்டேன். "சர்ப்ரைஸ் கூடை அக்கா, அதுதான் எங்க ஸ்பெஷல்" என்றார்.

மூன்றாவது, சேரும் முறை. முதல் மாதத்துக்கு 2,600 முன்பணம். அப்புறம் "அக்கவுண்டை உறுதி செய்ய ஒரே ஒரு ரூபாய்" என்று ஒரு லிங்க். அது ஒரு ரூபாய்க்கானது மட்டுமில்லை, யு.பி.ஐ. ஆட்டோபே அனுமதி. பின் போடுமுன் வரும் திரையில் உச்சத்தொகை 5,000, மாதம் ஒருமுறை, முடியும் தேதி பத்து வருஷம் தள்ளி என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. பேச்சில் இதைப் பற்றி மூச்சே இல்லை. அடுத்த மாதத் தொகையை எடுப்பதற்கு முந்தின நாள் வங்கியிலிருந்து அறிவிப்பு வந்தது. 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்தேன். அதற்கு விற்பவரின் சம்மதம் வேண்டியதில்லை. சித்தியின் போனிலும் போய்ப் பார்த்தால் அதே அனுமதி உட்கார்ந்திருந்தது, அதையும் நீக்கினோம்.

கூடையை நிறுத்தச் சொன்னபோது, "ரீஃபண்ட் கிடையாது, பாக்கி வாரத்தை வேறு யாருக்காவது மாற்றிக்கொடுங்கள்" என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தேயிலைச் சான்றிதழ், எடைத் தராசோடு எடுத்த படம், போன் பேச்சு முடிந்ததும் அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரம் மூன்றையும் இணைத்தேன். பாக்கி வாரங்களுக்கான பணம் திரும்ப வந்தது. வாங்கிவிட்ட கூடைகளுக்கு வரவில்லை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சான்றிதழ் விஷயமாகத் தனியாக மனு கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இதே தேயிலைச் சான்றிதழ் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். அனுப்பிய எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீங்களும் அங்கே ஒரு மனு கொடுங்கள்.