புளியந்தீவுக் கோட்டைக்கு எத்தனை நாள்? மூன்று கணக்கு, இரண்டு விடை

புளியந்தீவில் இருக்கும் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த நாள் 1638 மே 18. பாடசாலைக் கண்காட்சிக்குக் காலக்கோடு வரைந்த என் மருமகள், அதில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எழுத ஆசைப்பட்டாள். முதல் இடைவெளி, சவேரியார் சீனக் கரையோரத் தீவொன்றில் இறந்த 1552 டிசம்பர் 3 முதல் கோட்டை விழுந்த நாள் வரை. எக்செல் 1900க்கு முந்திய திகதியையே ஏற்காது என்பதால் பைதனில் போட்டுப் பார்த்தாள்.

```python
from datetime import date
(date(1638,5,18) - date(1552,12,3)).days   # 31212
```

பத்து நாள் கூடுதல். பைதனின் `date` இன்றைய கிரகோரியன் விதியையே பின்னோக்கி நீட்டிக்கொண்டு போகும். 1552இல் அந்த விதி பிறக்கவே இல்லை. சவேரியார் இறந்த திகதி அதற்கு முந்திய யூலியன் கணக்கில் எழுதப்பட்டது. போர்த்துக்கல் 1582 ஒக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாளை ஒக்டோபர் 15 வெள்ளி என்று எழுதியது. நடுவில் பத்துத் திகதிகள் இல்லை, ஆனால் கிழமை மட்டும் அறுபடாமல் ஓடியது. பைதனின் நீட்டல் விதிக்கு இந்தத் தாவல் தெரியாது.

இரண்டாவது வழி, ஜாவாவின் பழைய `GregorianCalendar`. அது 1582 ஒக்டோபர் 15க்கு முன் யூலியன், அதற்குப் பின் கிரகோரியன் என்று தானே மாறிக்கொள்ளும். விடை 31,202. சரியான விடை அதுதான். (அதே ஜாவாவில் புதிய `LocalDate` பைதனைப் போலவே 31,212 என்று சொல்லும். ஒரே மொழிக்குள் இரண்டு விடை!)

அப்படியானால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த இடைவெளி அதைக் கெடுத்தது. கொட்டியாரக் குடாவுக்கு வந்து கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், தப்பி மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தது 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை. 1638 மே 18இலிருந்து எத்தனை நாள்? பைதன் 15,128 என்றது. ஜாவாவும் அதையே சொன்னது. இரண்டு திகதியும் 1582க்குப் பிந்தியவை, ஆகவே இரண்டுக்கும் சந்தேகமே இல்லை.

சந்தேகம் கிழமையில்தான் வந்தது. கிரகோரியன் கணக்கில் 1679 ஒக்டோபர் 18 புதன்கிழமை. நொக்ஸோ சனி என்கிறார். அவர் பிழைவிடவில்லை, இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை யூலியனில்தான் இருந்தது. அரிப்பில் அவரை வரவேற்ற ஒல்லாந்தருக்கு அதே சனிக்கிழமை ஒக்டோபர் 28. ஒரே வாசலில் நின்ற இரண்டு பேருக்கு இரண்டு திகதி.

எனவே நான் நம்புவது மூன்றாவது வழியை: ஒவ்வொரு திகதியையும் அதை எழுதியவர் எந்தக் கணக்கில் எழுதினாரோ அதன்படி யூலியன் நாள் எண்ணாக மாற்றி, பிறகு கழிப்பது. இந்த எண் ஒரு நாளுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகும் வரிசை எண்; பெயரில் யூலியன் இருந்தாலும் யூலியன் நாட்காட்டி வேறு.

```python
def jdn(y, m, d, greg):
    a = (14 - m) // 12
    y, m = y + 4800 - a, m + 12*a - 3
    n = d + (153*m + 2)//5 + 365*y + y//4
    return n - y//100 + y//400 - 32045 if greg else n - 32083
```

கோட்டை விழுந்தது கிரகோரியன்: 2319465. நொக்ஸ் அரிப்பை அடைந்தது யூலியன்: 2334603. வித்தியாசம் 15,138 நாள்.

சரிபார்க்கவும் கிழமையே போதும். எண்ணை 7ஆல் வகுத்து மிச்சம் 0 வந்தால் திங்கள், 1 வந்தால் செவ்வாய். 2319465க்கு மிச்சம் 1, 2334603க்கு 5. செவ்வாயும் சனியும். 15,138ஐ 7ஆல் வகுத்தாலும் மிச்சம் 4, செவ்வாயிலிருந்து சனிக்கு நாலு நாள். பைதன் சொன்ன 15,128இன் மிச்சம் 1, அது புதனில் போய் நிற்கிறது.

இந்த வழியின் குறை, எழுதியவர் யார் என்று தேடவேண்டியிருப்பதுதான். ஒல்லாந்திலும் எல்லா மாகாணமும் ஒன்றாக மாறவில்லை: ஹொலன்டும் சீலன்டும் 1582-83 வாக்கில் மாறின, உத்ரெக்ட் போன்றவை 1700 வரை காத்திருந்தன. ஆங்கிலப் பதிவில் இன்னொரு பொறி உண்டு. அப்போது அவர்களுக்கு ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கும். ஆகவே 1660 பெப்ரவரி என்று எழுதியிருந்தால் நமக்கு அது பெரும்பாலும் 1661 பெப்ரவரி. அங்கே பிழை பத்து நாளல்ல, ஒரு வருடம்.

"அப்ப நொக்ஸுக்கு எந்தத் திகதியை எழுதட்டும் மாமா?" என்று கேட்டாள். இரண்டையும் எழுதச் சொன்னேன். காலக்கோட்டில் இப்போது 18/28 ஒக்டோபர் 1679 என்று இருக்கிறது, பக்கத்தில் சனிக்கிழமை.