வாரக் கடிதம்: கதம்பமா, ஒற்றைக் குறிப்பா?

ஈரோட்டில் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கும் சிறிய அலுவலகம் என்னுடையது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள், நூல் வியாபாரிகள், சிறு பட்டறைக்காரர்கள். வாரம் ஒருமுறை எல்லோருக்கும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புகிறேன். முதல் ஐந்து மாதம் அதைக் கதம்பமாக எழுதினேன்: நாலைந்து குறிப்பு, ஒரு சலுகை, ஒரு வாழ்த்து. அதன்பிறகு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம் என்று மாற்றிக்கொண்டேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால், இப்போது நான் ஒற்றைக் குறிப்பின் பக்கம்.

கதம்பத்தின் நல்ல குணம் வெளிப்படையானது. ஒரு குறிப்பு ஒருவருக்குப் பொருந்தாவிட்டாலும் அடுத்தது பொருந்தும். படம், பெட்டி, பொத்தான் எல்லாம் வைத்தால் பார்க்கவும் அழகு. ஆனால் ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டைத் தாண்டும் கடிதத்தைப் பாதியில் வெட்டிவிடும். வார்ப்புரு நிரலே கணிசமாக இடம் பிடிக்கும்; போதாததற்குத் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். கதம்பத்தில் சலுகை கடைசியில்தான் இருக்கும். வெட்டுப்படுவதும் கடைசிப் பகுதிதான்.

அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். என்னை மாற்றிக்கொள்ள வைத்தது வேறொன்று: அடுத்த வாரத்துக்கான சரக்கு எங்கிருந்து வரும்?

வாரத்துக்கு நான்கு குறிப்பு என்றால் ஆண்டுக்கு 208. தொடங்கும்போது கையில் நிறைய இருப்பதுபோலத்தான் தெரிந்தது. இரண்டாவது மாதமே அரசு அறிவிக்கைகளைச் சுருக்கிப் போட ஆரம்பித்தேன். மூன்றாவது மாதத்தில் ‘11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதிக்குள் 3பி’ என்ற மாதாந்திரத் தாக்கல் கெடுவே குறிப்பு ஆகிவிட்டது. அது எல்லோருக்கும் தெரியும், அலுவலகத்திலிருந்து தனியாக நினைவூட்டலும் போகிறது. இடத்தை நிரப்ப எழுதுகிறோம் என்று வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் வருவது நின்றது. பதில் இல்லாததால் அவர்களுக்கு என்ன சந்தேகம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியவில்லை. இன்னும் வறண்டது.

ஒற்றைக் குறிப்பில் இந்தச் சுழற்சி எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ஒரு கேள்வியை முழுதாக விளக்கினால் ‘அப்போ எனக்கு இப்படி ஆச்சே, அதுக்கு என்ன?’ என்று யாராவது கேட்பார். அடுத்த கடிதம் அதுதான். இதற்காக மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போனிலோ நேரிலோ வரும் கேள்வியைக் கேட்டவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதிக்கொள்கிறேன். என் சொல்லில் மாற்றி எழுதினால் அதன் உயிர் போய்விடுகிறது.

ஒரு கடிதத்தையே காட்டுகிறேன். அதில் வரும் ‘இன்புட்’, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது; ‘2பி’, விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து மாதாமாதம் ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் பட்டியல். ஒருவர் கேட்டது: ‘பில் கையில இருக்கு, பணமும் குடுத்தாச்சு, இன்புட் மட்டும் ஏன் வரலை?’ இதே வரியைத் தலைப்பாக வைத்தேன். கடிதம் இப்படிப் போனது:

‘வணக்கங்க. நீங்க ஒரு லட்சத்துக்குச் சரக்கு வாங்கி, 18 சதவீதம் வரியா 18,000 ரூபாய் சேர்த்துக் குடுத்திருக்கீங்கன்னு வைங்க. அந்த 18,000 உங்களுக்கு இன்புட்டா கிடைக்கணும்னா, வித்தவர் அந்த பில்லைத் தன்னோட ஜி.எஸ்.டி.ஆர்-1-ல ஏத்தியிருக்கணும். மாசா மாசம் தாக்கல் பண்றவருக்கு 11-ம் தேதி கெடு. அதைத் தாண்டி ஏத்தினா அடுத்த மாச 2பி-யிலதான் வரும். அதுவரைக்கும் அந்த 18,000-ஐ நீங்க கையிலிருந்து கட்டணும். 14-ம் தேதி 2பி வந்ததும் உங்க கொள்முதல் பில்லோட ஒத்துப் பாருங்க. எது விட்டுப்போச்சோ, அந்தக் கடைக்கு அன்னைக்கே போன் பண்ணுங்க. அடிக்கடி இப்படிச் செய்யறவரா இருந்தா, பில் 2பி-யில தெரிஞ்சதும் வரித் தொகையைத் தர்றேன்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க.’

அதன்கீழ் ஒரு வரி விட்டு: ‘இந்த ஒத்துப்பார்க்கிற வேலையை நாங்களே மாசா மாசம் செஞ்சு, விட்டுப்போன பில் பட்டியலை 15-ம் தேதி அனுப்பறோம். இந்த மாசம் சேர்றவங்களுக்கு முதல் மாசம் கட்டணம் இல்லைங்க. வேணும்னா இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்க.’

சலுகை அவ்வளவுதான். மேலே சொன்ன வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று படித்தவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும். அந்த வேலையையே செய்து தருகிறோம் என்பதால் அது குறிப்பின் தொடர்ச்சியாகவே நிற்கிறது. கதம்ப நாட்களில் இதே சேவைக்குத் பண்டிகைத் தள்ளுபடி என்று பெட்டி கட்டிப் போட்டேன், யாரும் கேட்கவில்லை. குறிப்புக்குப் பொருந்தும் சேவை இல்லாத வாரத்தில் சலுகையே போடுவதில்லை. மாதத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 20-ம் தேதி விழும் வாரத்தில் சலுகை போடவே மாட்டேன், அந்த வாரம் எல்லோரும் பணம் புரட்டும் பதற்றத்தில் இருப்பார்கள்.

நட்பான தொனிக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். கடிதத்தைச் சத்தமாக வாசிப்பேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் நேரில் இப்படிச் சொல்வேனா? ‘உள்ளீட்டு வரி வரவு’ என்று யாரும் கடையில் சொல்வதில்லை, ‘இன்புட்’ என்றுதான் சொல்கிறார்கள். கதம்பத்தில் இந்தத் தொனி எனக்கு வரவே இல்லை. நாலு வரியில் ஒரு விதியை அடைக்கும்போது மொழி தானாகவே சுற்றறிக்கை ஆகிவிடுகிறது.

ஒற்றைக் குறிப்பில் இரண்டு இடத்தில் சறுக்கினேன். முதலாவது, விற்பனையில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இன்புட் கடிதம் போனது. அவர்கள் இன்புட் எடுக்கவே முடியாது. படித்துவிட்டுக் குழம்பிப்போய் இருவர் போன் செய்தார்கள். இப்போது பட்டியலை இரண்டாகப் பிரித்துவிட்டேன். பிரிக்க முடியாத கடிதத்தில் ‘இது யாருக்கு’ என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் கவலையானது. ஒருவருடைய கேள்வியை எழுதும்போது அவர் தொழிலையும் ஏறக்குறைய உண்மையான தொகையையும் அப்படியே விட்டுவிட்டேன். அந்தத் தொழிலில் இருக்கும் இன்னொரு வாடிக்கையாளர் ஆளை அடையாளம் கண்டு, அவரிடமே விசாரித்திருக்கிறார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தொழில், தொகை, மாதம் மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன். கேள்வி வந்த அதே மாதத்தில் அனுப்புவதும் இல்லை.

எது வேலை செய்கிறது என்று பார்க்க, எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் நம்புவதில்லை. ஆப்பிள் 2021-இல் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் படிக்காமலேயே படங்களை இறக்கிவிடும். படம் இறங்கினாலே திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். வந்த பதில்களைத்தான் எண்ணுகிறேன். கதம்பத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. இப்போது பெரும்பாலான வாரங்களில் ஐந்தாறு வருகிறது, அதில் ஒன்றாவது அடுத்த கடிதத்துக்கு ஆகிறது.

ஒற்றைக் குறிப்புக்கு மாறி ஏழு மாதம்தான் ஆகிறது. ஏப்ரல் போன்ற ஆண்டுத் தொடக்க மாதங்களை இதில் நான் இன்னும் பார்க்கவில்லை. அப்போது ஒரே வாரத்தில் நாலைந்து மாற்றம் வந்தால் ஒரு கதம்பம் அனுப்ப வேண்டியிருக்கலாம். வாரா வாரம் புதுச் சரக்கு இறங்கும் ஜவுளிக்கடைக்கும் கதம்பம்தான் சரியாக இருக்குமோ என்னவோ. அங்கே சரக்கே செய்தி, எனக்கு அந்த அனுபவம் இல்லை. வாட்ஸாப்பில் கொஞ்ச நாள் இதே கடிதத்தை அனுப்பிப் பார்த்தேன். ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் என்பது எனக்குத் தாராளம். ஆனால் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். மின்னஞ்சல் பார்க்காத சிலருக்கு மட்டும் இப்போதும் அந்த வழியில் அனுப்புகிறேன்.