முதலில் ஃபஸ், கடைசியில் டிலே: என் பெடல் வரிசை

பல வருடங்களாக என் கிட்டார் பெடல் போர்டில் வரிசை பெரும்பாலும் இதுதான்: வா, ஃபஸ், ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவெர்ப், அப்புறம் ஆம்ப். இதில் இடத்துக்காக ரொம்பவே அடம்பிடிப்பது ஃபஸ்தான்.

நான் வைத்திருப்பது இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய பாணி ஃபஸ். இந்தச் சர்க்யூட்டின் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, மிகக் குறைவு, சில கிலோ ஓம்தான். அதனால் கிட்டாரின் பிக்கப்பும் வால்யூம் குமிழும் அந்தச் சர்க்யூட்டின் பாகமாகவே ஆகிவிடுகின்றன. வால்யூமை 10லிருந்து 7க்கு இறக்கினால் இடையில் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் வரும், ஃபஸ்ஸுக்குள் போகும் கரண்ட் சட்டென்று குறையும், ஒலி கிட்டத்தட்ட கிளீன் ஆகிவிடும். ஃபஸ் வாங்குவதே இந்த ஒரு குணத்துக்காகத்தான் என்பேன்.

ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர், அதாவது சிக்னலை வாங்கி வலுவாக அனுப்பும் சின்னச் சர்க்யூட், உள்ள ட்யூனரை வைத்தால் இந்தக் குணம் போய்விடும். இப்போது ஃபஸ்ஸை ஓட்டுவது பிக்கப் இல்லை, பஃபர். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் எப்போதும் குறைவாகவே இருக்கும். ஒலி கூர்மையாகக் காதைக் குத்தும். வால்யூமை இறக்கினாலும் பழையபடி கிளீன் ஆகாது. ட்யூனர் ஆஃபில் இருக்கும்போதும் இப்படி ஆகிறதென்றால், அது ட்ரூ பைபாஸ் இல்லை, ஆஃபிலும் சிக்னல் பஃபர் வழியாகவே போகிறது என்று அர்த்தம். நான் ட்யூனரை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வா பெடலில் சிக்கல் வேறு. ஃபஸ்ஸின் குறைந்த இம்பீடன்ஸ் அதன் அவுட்புட்டை இழுத்துப் பிடிப்பதால் ஸ்வீப் சப்பையாகிவிடும், சில ஜோடிகளில் ஊளைகூடக் கேட்கும். வாவின் அவுட்புட்டில் சின்ன பஃபர் சேர்த்தால் ஸ்வீப் திரும்ப வரும், ஆனால் வா ஆனில் இருக்கும்போது வால்யூம் குமிழ் பழையபடி வேலை செய்யாது. எனக்கு அது சரிதான், ஏனென்றால் வா மிதிக்கும்போது எனக்குக் கிளீன் ஒலி தேவைப்படுவதில்லை. பஃபர் சேர்க்க விருப்பமில்லாதவர்கள் வாவை ஃபஸ்ஸுக்குப் பின்னால் வைக்கலாம். ஸ்வீப் இன்னும் அகலமாக, சின்தசைசர் மாதிரி ஒலிக்கும்.

டிலே ஏன் கடைசியில்? ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதில் பாதி என்று வைத்துக்கொள்வோம்: 1, 1/2, 1/4, 1/8. பின்னால் வரும் டிஸ்டார்ஷன் 1/8க்கு மேல் வருவதையெல்லாம் வெட்டினால் நான்கும் ஏறக்குறைய ஒரே சத்தத்தில் வரும், தேயவே தேயாது. அதோடு புது நோட்டும் பழைய எதிரொலியும் சேர்ந்தே வெட்டப்படுவதால் இரண்டிலும் இல்லாத கரகரப்பு பிறக்கும். ரிவெர்ப்புக்கும் இதே கதைதான்.

டிலேயா ரிவெர்ப்பா எது முன் என்பதில் நான் அலட்டிக்கொள்வதில்லை. இரண்டும் ஒலியை வெட்டாமல் கூட்டுகின்றன. மாற்றி வைத்தாலும் வித்தியாசம் சிறிதுதான். டிலே தானே ஒலியைக் கரகரப்பாக்கும் வகையாக இருந்தால் மட்டும் அதை முன்னால் வைக்கிறேன்.

ஆம்பிலேயே டிஸ்டார்ஷன் ஏற்றி வாசிப்பவர்கள் டிலேயையும் ரிவெர்ப்பையும் ஆம்பின் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் பெடல்களை இணைக்கும் வழியான எஃபெக்ட்ஸ் லூப்பில் போட வேண்டும். இல்லையென்றால் போர்டில் அவை கடைசியில் இருந்தாலும் உண்மையில் டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் இருக்கின்றன.