காதில் இருக்கும் அரபி, கைக்கு வரும் வழி எது?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சாயங்கால மதரஸா முடித்து வரும் பிள்ளைகள் அரபியைச் சரளமாக ஓதுவார்கள். அர்த்தம் கேட்டால் விழிப்பார்கள். போன வருஷம் என்னிடம் அரபி எழுதப் படிக்கக் கற்க வந்த அக்காவும் தம்பியும் இதற்கு நேர் தலைகீழ். அக்காவுக்கு 12 வயது, தம்பிக்கு 9. அப்பா இந்த ஊர், அம்மா எகிப்தின் அலெக்சாந்திரியா. அம்மா திட்டுவதும் கொஞ்சுவதும் எகிப்து அரபியில்தான். பிள்ளைகளுக்கு எல்லாம் புரியும், பதில் மட்டும் பாதி தமிழில் வரும். ஆனால் அலிஃப் எது, பா எது என்று தெரியாது.

எங்கே ஆரம்பிப்பது என்பதில் வீட்டுக்குள்ளேயே மூன்று கட்சி. அப்பாவுக்கு மதரஸாவில் ஓதப் பழக்கும் அரிச்சுவடியான காயிதா போதும். சவூதியிலிருந்து வந்த சித்தப்பா, வெளிநாட்டவருக்கான இலக்கண அரபிப் பாடநூலை வாங்கி வந்திருந்தார். மூன்றாவது கட்சி நான்: வாயில் இருக்கும் வார்த்தையிலிருந்தே எழுத்தைத் தொடங்கலாம் என்றேன். அம்மா சிரித்தார். "நான் பேசுவது சந்தை அரபி உஸ்தாத், அதையா எழுதச் சொல்லித் தருவீர்கள்?"

காயிதாவைக் குறை சொல்ல மாட்டேன். 28 எழுத்தும் சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் எப்படி உருமாறும் என்பதை அதைவிடப் பொறுமையாகச் சொல்லித்தர வேறொன்றில்லை. உச்சரிப்பும் திருத்தமாக வரும். கோளாறு வேறு இடத்தில். அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் மேலேயோ கீழேயோ ஸபர், ஸேர், பேஷ் என்று உயிர்க்குறி இருக்கும். செய்தித்தாளிலும் கடைப்பலகையிலும் பாட்டி அனுப்பும் வாட்ஸப்பிலும் அந்தக் குறிகள் கிடையாது. காஃப், தா, பா என்று மூன்று மெய் மட்டும் நிற்கும்; கதப (எழுதினான்) என்பதா, குதுப் (புத்தகங்கள்) என்பதா என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். மொழி தெரியாதவருக்கு இது சுவர். வீட்டில் அரபி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கோ இதுதான் வாசல், ஏனென்றால் வாக்கியம் தெரிந்தால் உயிர் தானாக வந்து உட்காரும். தமிழிலும் அப்படித்தானே? கங்கை என்பதில் முதல் 'க' எப்படி ஒலிக்கும் என்று யாரும் குறி போட்டுத் தருவதில்லை. எல்லாக் குறியையும் போட்டுக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகள் தங்களிடம் இருக்கும் பலத்தை எடுப்பதே இல்லை. தம்பி ஒரு மாதம் காயிதா போனான். தன் அம்மா தினமும் சொல்லும் வார்த்தையையே எழுத்தெழுத்தாக ஓதிவிட்டு, அது என்ன என்று தெரியாமல் அடுத்த வரிக்குப் போனான். அங்கேதான் பிடிபட்டது.

பாடநூல் இன்னும் வேகமாகச் சலித்தது. முதல் பாடம் "ஹாதா கிதாபுன்", இது புத்தகம். அக்கா உடனே "தா கிதாப்" என்றாள், வீட்டில் அப்படித்தான். தப்பு என்று சித்தப்பா திருத்தினார். நாலு தடவை திருத்தியதும் வாயை மூடிக்கொண்டாள். அவள் சொன்னது தப்பல்ல, பேச்சு வழக்கு. 'வந்துட்டான்' என்று பேசுகிற குழந்தைக்குத் தமிழே தெரியவில்லை என்று சொல்வோமா? சரி, அந்தப் புத்தகத்துக்கும் ஒரு காலம் உண்டு, பிறகு வருகிறேன்.

என் வழியில் முதல் நாள் இரண்டே சொல்: பாப் (கதவு), பின்த் (பெண்). முதல் சொல்லில் நெடில் இருப்பதால் அலிஃப் எழுதுகிறோம். இரண்டாவதில் குறில், அதற்கு எழுத்தே இல்லை. இதை முதலிலேயே காட்டாவிட்டால், தமிழ் எழுதிப் பழகிய பிள்ளை எல்லாக் குறிலுக்கும் அலிஃபும் யாவும் போட்டுத் தள்ளும். அடுத்து பேத் (வீடு), யோம் (நாள்). வீட்டில் 'ஏ' என்பது எழுத்தில் 'அய்' ஆகும், 'ஓ' என்பது 'அவ்' ஆகும்: பைத், யவ்ம். இப்படி வீட்டுச் சொற்களை வைத்தே 10 வாரத்தில் எழுத்துகள் முடிந்தன.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். சொல்லெழுதச் சொன்னேன். இதயம் என்பதை அக்கா அலிஃப், லாம், பா என்று எழுதினாள். அரபியில் காஃப் என்று இரண்டு எழுத்து உண்டு. கெய்ரோ, அலெக்சாந்திரியாப் பேச்சில் அவற்றில் தொண்டையடிக் காஃப் மறைந்து, மூச்சை வெட்டும் ஒரு சின்ன நிறுத்தமாகிவிடும். கல்ப் என்பது 'அல்ப்' ஆகும். அவள் கேட்டதைத்தான் எழுதினாள். எந்த 'அ' உண்மையில் காஃப் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடை இந்த ஊரிலேயே இருந்தது. அவளுடைய தாதி, அதாவது அப்பாவின் அம்மா, "கல்பு சுத்தமா இருக்கணும்" என்பார். ஐந்து நேரத் தொழுகையை ஐந்து வக்து தொழுகை என்கிறோம், கல்லறையைக் கபர் என்கிறோம், பெட்டியைச் சந்தூக் என்கிறோம். நம் பேச்சுக்கு வந்த அரபிச் சொற்களில் அந்தக் காஃப் 'க'வாக அப்படியே தங்கிவிட்டது. அம்மா வாயில் 'அப்ர்', தாதி வாயில் 'கபர்' என்றால் எழுத்தில் காஃப். கிதாப் போல இரண்டு வாயிலும் 'க' வந்தால் அது மற்ற காஃப், அதில் குழப்பமே இல்லை. அம்மா சொல், தாதி சொல் என்று இரண்டு பத்தி போட்டு அக்காவே 15 சொல் சேர்த்தாள்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. தலாத்தா (மூன்று), தோம் (பூண்டு) இரண்டும் எழுத்தில் வேறொரு தா; நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வது. நம் பேச்சில் அந்த வித்தியாசம் நிற்பதில்லை, மனப்பாடம்தான். ஸாத், சீன் என்ற இரண்டு 'ஸ' எழுத்தும் கலந்தால் அது காது பிரச்சினை, வழக்குப் பிரச்சினையல்ல. ஸேஃப் (கோடை), சேஃப் (வாள்) என்று ஜோடி போட்டு, பக்கத்து உயிர் கனக்கிறதா என்று கேட்க வைக்க வேண்டும். இந்த இடத்தில் காயிதா உஸ்தாதின் காது என்னுடையதைவிடக் கூர்மை. தம்பியை வாரம் ஒரு நாள் அங்கேயே அனுப்பினேன்.

நாலாவது மாதம் சித்தப்பாவின் புத்தகத்தைத் திறந்தோம், முதல் ஆறு பாடத்தைத் தாண்டி. இப்போது அது சண்டை போடவில்லை. "பியிக்திப்" (எழுதுகிறான்) என்பதில் முன்னால் உள்ள 'பி'யைக் கழற்றி உயிரை மாற்றினால் "யக்துப்". "மாகதப்ஷ்" (எழுதவில்லை) என்பது "லம் யக்துப்" ஆகும், இது மட்டும் முழுசாகப் புதிது. 'எழுதிட்டான்' என்பதை நோட்டில் 'எழுதிவிட்டான்' ஆக்குகிற அதே வேலை என்றதும் தம்பிக்குப் பிடித்துப்போனது. சொல் இறுதியில் மாறும் வேற்றுமை ஒலிகளை இன்னும் தொடவில்லை. குறியில்லாத எழுத்தில் பெரும்பாலும் அவை கண்ணுக்கே தெரியாது, அதனால் அவசரமும் இல்லை.

என் வழியின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எந்த நாட்டு அரபி என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜித்தா வீடென்றால் அதே காஃப் 'தங்கம்' என்பதில் வரும் 'க'வாக ஒலிக்கும், என் இரண்டு பத்தி அங்கே வீண். அச்சுப் புத்தகமும் கிடையாது, வாரா வாரம் நானே எழுத வேண்டும்.

போன மாதம் அலெக்சாந்திரியாப் பாட்டியிடமிருந்து குறியில்லாத நாலு வரி வந்தது. அக்கா படித்துக்கொண்டே போய் ஒரு சொல்லில் நின்றாள். வீட்டில் தினமும் கேட்கும் "தில்வஅத்தி", 'இப்போது'. நடுவில் ஏன் காஃப் இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த தம்பி சொன்னான்: "உள்ள வக்து இருக்கு, அக்கா."