டி.ஏ. பணி கேட்டு மெயில்: பொதுவாகக் கேட்பதா, வேலையைச் சொல்லிக் கேட்பதா?

அடுத்த செமஸ்டரில் டி.ஏ.வாக, அதாவது பாடம் நடத்துவதில் உதவும் மாணவராக, இருக்க விரும்பிப் பேராசிரியருக்கு மெயில் எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு வழியில்தான் எழுதுகிறோம். ஒன்று, பெயர், மதிப்பெண், ஆர்வம் எல்லாம் சொல்லி, ரெஸ்யூமை இணைத்து, 'வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்' என்று முடிக்கும் பொது மெயில். இன்னொன்று, இந்தப் பாடத்தில் இந்த வேலையை வாரத்துக்கு இத்தனை மணி நேரம் செய்கிறேன் என்று கேட்பது. கோவையில் புள்ளியியல் ஆய்வு மாணவியாக இருக்கும் நான் சென்ற நவம்பரில் இரண்டாவதை அனுப்பினேன். அதே துறையில் படிக்கும் குன்னூர்த் தோழி முதலாவதை அனுப்பினாள். இருவரும் அப்போது நீலகிரியில் அவரவர் ஊரில் இருந்தோம். மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டிருந்ததால் நேரில் போய்க் கேட்கும் வழி எங்களுக்கு இல்லை.

பொது மெயிலின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீக்கிரம் எழுதிவிடலாம், பெயரை மட்டும் மாற்றி நான்கு பேருக்கு அனுப்பலாம். ஆனால் ஒரே துறையில் நான்கு பேருக்கு ஒரே மெயில் போனால், டீ குடிக்கும் நேரத்தில் அவர்கள் பேசிக்கொள்வார்கள். 'என்னிடமும் கேட்டிருக்கிறாளே' என்று தெரிந்தபின் யாரும் முந்திக்கொண்டு சரி சொல்ல மாட்டார்கள்.

என்னை இரண்டாவது பக்கம் சாய்த்தது வேறு ஒரு விஷயம். பல துறைகளில் டி.ஏ.வை முடிவு செய்பவர் பாடம் எடுக்கும் பேராசிரியர் மட்டும் அல்ல. அவர் பரிந்துரைப்பார். பட்டியல் போடுபவர் ஹெச்.ஓ.டி.யோ ஒருங்கிணைப்பாளரோ. பேராசிரியருக்குப் பிடித்துவிட்டால் அவர் செய்வது நம் மெயிலை அப்படியே ஃபார்வர்டு செய்வதுதான், மேலே ஒரு வரி சேர்த்து. அதனால் நம்மை அறியாத ஒருவர், ரெஸ்யூமைத் திறக்காமல், போனில் படித்தாலும் புரிகிற மாதிரி அந்த மெயில் இருக்க வேண்டும். யார், எந்த ஆண்டு, எந்தப் பாடம், எந்த செமஸ்டர், வாரம் எத்தனை மணி, கைடு சம்மதித்தாரா என்பதெல்லாம் மெயிலின் உடம்பிலேயே இருக்க வேண்டும். பொது மெயிலை ஃபார்வர்டு செய்தால் ஒருங்கிணைப்பாளர் திரும்பக் கேட்கும் முதல் கேள்வியே 'எந்தப் பாடத்துக்கு?' என்பது. அதற்குப் பதில் சொல்லும் வேலை பேராசிரியர் தலையில் விழுகிறது. செமஸ்டர் தேர்வு நடக்கிற வாரத்தில் அந்த வேலையை யார் எடுத்துக்கொள்வார்கள்?

மணிக்கணக்கை எழுதுமுன் போட்டுப் பார்ப்பது முக்கியம். ஐ.ஐ.டி.களில் அரை நேர உதவித்தொகை பெறுபவர்களுக்கு வாரம் 8 மணி நேரம் என்று இருப்பதால் நானும் அதையே எல்லையாக வைத்துக்கொண்டேன். நான் கேட்டது இளநிலை மாணவர்களின் புள்ளியியல் லேப். 60 பேர், 30 பேராக இரண்டு பேட்ச், ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறை 3 மணி நேரம். ரெக்கார்டு நோட்டு ஒன்றைத் திருத்த 6 நிமிடம் என்று வைத்தால் மணிக்குப் பத்து, ஒரு பேட்சுக்கு 3 மணி நேரம். இரண்டு பேட்சையும் எடுத்தால் லேப் 6, திருத்தல் 6, மொத்தம் 12. எட்டுக்குள் அடங்காது. ஒரு பேட்ச் என்றால் ஆறில் முடிந்து, சந்தேகம் கேட்க வருபவர்களுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சும். 'என்ன வேலை என்றாலும் செய்கிறேன்' என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கைப் பேராசிரியர் போட வேண்டியிருந்திருக்கும்.

அனுப்பியது ஆங்கிலத்தில்தான். அதன் உடம்பு தமிழில் இப்படி வரும்:

> வணக்கம் மேடம். நான் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி. வரும் ஜனவரி செமஸ்டரில் நீங்கள் எடுக்கும் இளநிலை புள்ளியியல் லேபுக்கு டி.ஏ.வாக இருக்க அனுமதி கேட்டு எழுதுகிறேன். முதுநிலையில் உங்களிடம் இந்த லேபின் அடுத்த நிலையைப் படித்தேன்.
>
> ஒரு பேட்சின் லேபில் முழு நேரமும் இருந்து, அந்தப் பேட்சின் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தித் தர முடியும். வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் சந்தேகம் தீர்க்கவும் இருப்பேன். மொத்தம் 8 மணி நேரம். கைடிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம்.
>
> முதல் பேட்சில் என் உறவுக்காரப் பெண் படிக்கிறாள். அதனால் இரண்டாவது பேட்ச் என்றால் நல்லது. உங்களுக்குச் சம்மதம் என்றால் துறை அலுவலகத்துக்கு நான் என்ன தர வேண்டும் என்று சொல்லுங்கள்.

உறவுக்காரப் பெண் விஷயத்தைச் சேர்ப்பதா என்று யோசித்தேன். திருத்தி மதிப்பெண் போடுகிற வேலை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் சரி. பின்னால் தெரியவந்தால் பேராசிரியருக்குத்தான் தர்மசங்கடம். கைடு சம்மதத்தையும் விட்டுவிடக் கூடாது. ஆய்வு மாணவர்கள் விஷயத்தில் ஒருங்கிணைப்பாளர்கள் தயங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சப்ஜெக்ட் லைனில் பாடத்தின் பெயரும் செமஸ்டரும் டி.ஏ. என்ற சொல்லும் இருந்தால் போதும். 'ஒரு வேண்டுகோள்' என்று மட்டும் போட்டால் பட்டியல் போடும் நாளில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

எப்போது அனுப்புவது என்பதும் உண்டு. ஜனவரி செமஸ்டருக்கு நவம்பர் கடைசி நல்ல நேரம் என்று நினைக்கிறேன், கால அட்டவணை உருவாகும் சமயம் அது. எங்கள் கோத்தகிரிப் பக்கம் அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலமும். கரன்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவரும் போய்விடும். அதனால் நெட் இருந்த இரவே எழுதி, ஜிமெயிலில் Schedule send கொடுத்து மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வைத்தேன். ஒருமுறை அங்கே பதிவாகிவிட்டால், அந்த நேரத்தில் நம் போனில் நெட் இல்லாவிட்டாலும் அது போய்ச் சேரும். அவுட்பாக்ஸில் நிற்கிற மெயிலுக்கு இந்த வசதி இல்லை, நெட் திரும்ப வந்தால்தான் நகரும்.

மேடம் பதிலாகத் தனியாக எதுவும் எழுதவில்லை. என் மெயிலையே ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பி எனக்கும் காப்பி போட்டிருந்தார். மேலே இருந்த வரி: 'இரண்டாவது பேட்சுக்கு எனக்குச் சம்மதம், சந்தேக நேரம் ஒரு மணி போதும்.' பட்டியலில் அப்படியே வந்தது. தோழிக்கும் டி.ஏ. கிடைத்தது. ஆனால் பட்டியல் வந்தபின், யாரும் எடுக்காத ஒரு தியரி பாடத்தில், விடைத்தாள் திருத்த மட்டும். அவளுக்கு லேபில்தான் ஆசை.

இருவர் அனுபவத்தை வைத்து எல்லாத் துறைக்கும் சொல்ல முடியாது. நாம் ஒருபோதும் படித்திராத பேராசிரியருக்கோ, புதிதாகச் சேர்ந்த பல்கலைக்கழகத்துக்கோ எழுதினால் லேப் எத்தனை மணி, எத்தனை பேட்ச் என்றே தெரியாது. அப்போது கணக்குப் போட்டு எழுதினால் தவறாகப் போக வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் பொது மெயிலே மேல், ஆனால் ஒருவருக்கு மட்டும், வாரம் எத்தனை மணி தர முடியும் என்ற ஒரு வரியோடு. ஆன்லைன் படிவம் வைத்திருக்கும் துறையில் படிவத்தை முதலில் நிரப்பிவிட்டு, நிரப்பியதாக மெயிலில் சொல்ல வேண்டும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, புது மெயில் தொடங்காமல் பழையதற்கே ரிப்ளை கொடுத்து இரண்டு வரி எழுதினால் போதும். பழைய விவரம் கீழேயே இருக்கும். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த பேராசிரியருக்கு எழுதலாம்.