மண்டபக் கூரைத் துணி: சில வருஷங்கள் கட்டி வைத்துப் பார்த்ததில்

பெருந்துறைப் பக்கம் எங்கள் மண்டபத்தில் சீலிங் துணியை ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கட்டி அவிழ்க்காமல் நிரந்தரமாகவே விட்டிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் பலரும் கேட்பது, "ஏனுங்க, நடுவுல தொங்குதே, இழுத்துக் கட்டக் கூடாதா?" கூடாது. அதற்குக் காரணம் உண்டு.

மண்டபத்தின் அகலம் 40 அடி. ஐந்தடிக்கு ஒன்றாகக் குறுக்கே ஸ்டீல் வயர் ஓடுகிறது. ஒரு வயர் சுமக்கும் துணி, கிளிப், வயரின் சொந்த எடை எல்லாம் சேர்த்து 4 கிலோதான். நடுவில் ஓரடி தொங்க விட்டால் இரு முனையிலும் இழுவிசை சுமார் 20 கிலோ. அதையே 2 அங்குலத் தொங்கலுக்கு இழுத்தால் 120 கிலோ! துணியின் எடை கூடவில்லை, கொக்கியின் பாரம் ஆறு மடங்காகிறது. எடையை நீளத்தால் பெருக்கி, தொங்கலின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்தக் கணக்கு வரும்.

முதலில் வந்த டெக்கரேஷன்காரர் பால்ஸ் சீலிங் கம்பியில் கொக்கி மாட்டப் போனார். அந்தக் கம்பி சீலிங் பலகையைத் தாங்க மட்டுமே செய்யப்பட்டது, பக்கவாட்டு இழுவைக்கு அல்ல. கான்கிரீட் பீமில் துளையிட்டு, வளையம் வைத்த ஆங்கர் போல்ட்தான் போட வைத்தோம். செங்கல் சுவரின் பூச்சில் போட்டதெல்லாம் நிற்காது. வயரின் ஒரு முனையில் டர்ன்பக்கிள். முதல் சில மாதம் துணியும் வயரும் கொஞ்சம் நீளும், திருகி இறுக்கலாம். அதற்கப்புறமும் அதே வயர் தளர்ந்துகொண்டே போனால் திருகாதீர்கள். ஏறி, போல்ட்டைச் சுற்றி மயிர்க்கோட்டு விரிசல் இருக்கிறதா பாருங்கள்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்தால் துணி கப்பல் பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், மேலே போட்ட கணக்கெல்லாம் அப்போது செல்லாது. அதனால் அந்த மாதம் கழற்றி விடுகிறோம்.

தீ விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத் தீயில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாதா பாலியஸ்டர் எரிந்தால் உருகிச் சொட்டும், கீழே உட்கார்ந்திருப்பவர் மேலேயே. "தீப்பிடிக்காத துணி" என்று விற்பதில் இரண்டு வகை. நூலிலேயே அந்தக் குணம் உள்ளது ஒன்று. மேலே மருந்து தெளித்தது இன்னொன்று, இதில் பலவும் துவைத்தால் போய்விடும். தூசி படிந்தாலும் சீக்கிரம் பற்றும், ஆக துவைக்காமலும் இருக்க முடியாது. நாங்கள் விலை கூடினாலும் முதல் வகைதான் எடுத்தோம். ஒவ்வொரு ஆடியிலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, வெளியே வைத்துப் பன்னிரண்டு நொடி தீக்குச்சி காட்டுகிறோம். குச்சியை எடுத்ததும் இரண்டு நொடிக்குள் அணைய வேண்டும், எரியும் துளி விழக்கூடாது.

மணவறைக்கு மேலே துணியே கிடையாது, ஓமப்புகையும் கற்பூரமும் அங்கேதான். புகை உணரும் கருவிகளும் துணிக்குக் கீழேதான் இருக்கின்றன, மேலே விட்டால் புகை போய்ச் சேரத் தாமதமாகும். சீரியல் லைட்டைத் துணியோடு சேர்த்துப் பின்ன வரும் பையன்களோடுதான் இன்னும் மல்லுக்கட்டுகிறோம்.